எந்தக் கணம், எந்தப் பட்டை: உயிரொலி ஃபார்மண்ட்களைக் கையால் அளப்பதில் நேரும் பிழைகள்

பதிவு செய்த ஓர் உயிரொலியிலிருந்து இரண்டு எண்களை எடுத்தால் அது ‘ஈ’யா, ‘ஏ’யா, ‘ஊ’வா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் ஒலியியலில் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவருகிறது. அந்த எண்கள்தான் முதல் ஃபார்மண்ட்டும் இரண்டாம் ஃபார்மண்ட்டும். குரல்நாணிலிருந்து உதடு வரை நீளும் காற்றுக்குழாய், நாக்கும் தாடையும் உதடும் நிற்கும் நிலைக்கு ஏற்பச் சில அதிர்வெண்களை மட்டும் வலுப்படுத்துகிறது. அப்படி வலுப்பெறும் இடங்களே ஃபார்மண்ட்கள். பொதுவாக, வாய் அகலத் திறந்தால் முதலாவது உயரும். நாக்கு முன்னே சென்றால் இரண்டாவது உயரும். உதடு குவிந்தால் இரண்டாவது தாழும்.

அளக்க உட்கார்ந்தால் இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும். உயிரொலி நீடிக்கும் நேரத்தில் எந்தக் கணத்தில் அளப்பது? திரையில் தெரியும் பட்டைகளில் எதை முதலாவது என்றும் எதை இரண்டாவது என்றும் கொள்வது? ஃபார்மண்ட் அளவீட்டில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு முடிவுகளில் ஒன்றில் பிறக்கிறது. இவற்றுக்கு 1940கள் முதல் பல விடைகள் சொல்லப்பட்டுள்ளன. ஒவ்வொரு விடையும் முந்தையதன் குறையைச் சரிசெய்தது. கூடவே தனக்கென்று ஒரு குறையையும் கொண்டுவந்தது.

## தாளும் அளவுகோலும்

பேச்சின் அதிர்வெண்களைப் படமாகத் தாளில் பதியும் ஸ்பெக்ட்ரோகிராஃப் கருவி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாகி, 1940களின் நடுவில் வெளியுலகுக்கு அறிமுகமானது. படத்தில் இடமிருந்து வலமாக நேரம். கீழிருந்து மேலாக அதிர்வெண். உயிரொலிகள் கரும்பட்டைகளாகத் தெரியும். அந்தப் பட்டையின் நடுவை அளவுகோல் வைத்துக் குறிப்பதுதான் கையால் அளத்தல் என்பதன் முதல் பொருள்.

இதே ஆய்வகத்தில் கோர்டன் பீட்டர்சனும் ஹரோல்ட் பார்னியும் 1952இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிக்கல்லாகக் கருதப்படுகிறது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என 76 பேர் பத்து ஆங்கில உயிர்களை இருமுறை சொல்லப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு உயிரிலும் பட்டைகள் ஏறாமல் இறங்காமல் நிலைத்திருக்கும் பகுதியைத் தேர்ந்து அங்கே அளந்தார்கள். ஆண்களின் சராசரியில் ‘ஈ’ போன்ற உயிருக்கு முதலாவது 270 ஹெர்ட்ஸ், இரண்டாவது 2290. ‘ஊ’ போன்ற உயிருக்கு முதலாவது 300, இரண்டாவது 870, மூன்றாவது 2240. கடைசி எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதுவே பின்னால் ஒரு பிழைக்குக் காரணமாக வரும்.

இந்த ஆய்வின் வலிமையும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருந்தன. ஒவ்வொரு உயிருக்கும் நிலையான பகுதி ஒன்று உண்டு, அதைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம் என்று அது எடுத்துக்கொண்டது. தனிச்சொற்களை நிறுத்தி நிதானமாகச் சொல்லும்போது அது ஓரளவு பொருந்தும். இயல்பான பேச்சில் அப்படி ஒரு பகுதி பல நேரம் இருப்பதே இல்லை.

## சீரிசைகளுக்கு நடுவே மறையும் உச்சி

கணத்தைத் தேர்வதற்கு முன்பே ஓர் இயற்பியல் தடை குறுக்கே நிற்கிறது. குரல்நாண் நொடிக்கு 200 முறை அதிர்ந்தால், குரலில் 200, 400, 600 ஹெர்ட்ஸ் என்று அதன் மடங்குகளில் மட்டுமே ஆற்றல் இருக்கும். இந்த மடங்குகளைச் சீரிசைகள் என்பார்கள். வாய்க்குழாயின் ஒத்ததிர்வு 500இல் இருந்தால் அங்கே வலுப்படுத்துவதற்கு ஒலியே இல்லை. 400இலும் 600இலும் உள்ள சீரிசைகளின் உயரத்தை வைத்து நடுவில் உச்சி எங்கே இருந்திருக்கும் என்று ஊகிப்பதுதான் அளப்பவர் செய்யக்கூடியது.

ஸ்வீடனின் பியோர்ன் லிண்ட்ப்ளோம் 1960களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு நடைமுறைக் கணக்குச் சொன்னார். ஸ்பெக்ட்ரோகிராமில் கையால் அளக்கும்போது, அடிப்படை அதிர்வெண்ணின் கால் பங்கு அளவுக்குப் பிழை வரலாம் என்றார். 120 ஹெர்ட்ஸ் ஆண்குரலில் அது சுமார் 30 ஹெர்ட்ஸ். 220 ஹெர்ட்ஸ் பெண்குரலில் 55. 300 ஹெர்ட்ஸ் குழந்தைக்குரலில் 75. பெண்களையும் குழந்தைகளையும் ஆண்களோடு ஒப்பிடும் எந்த ஆய்விலும் மூன்று குழுக்களின் எண்களும் சமமான துல்லியம் உடையவை அல்ல என்பதை இந்தக் கணக்கிலேயே பார்க்கலாம்.

1971இல் பிஷ்ணு அதாலும் சுசேன் ஹனாவரும் பேச்சுக்குப் பயன்படுத்திக் காட்டிய நேரியல் முன்கணிப்பு முறை இந்தத் தடையைத் தாண்டிவிடும் என்ற நம்பிக்கையை வளர்த்தது. ஒலியலையின் ஒவ்வொரு மாதிரியையும் அதற்கு முந்தைய சில மாதிரிகளிலிருந்து கணிக்கும் ஒரு வடிகட்டியைக் கணினி கண்டுபிடிக்கிறது. அந்த வடிகட்டியின் ஒத்ததிர்வுகளே வாய்க்குழாயின் ஒத்ததிர்வுகள் என்று கொள்கிறோம். இன்று உலகெங்கும் ஒலியியலாளர்கள் பயன்படுத்தும் பிராட் மென்பொருளும் ஃபார்மண்ட்டுக்கு இம்முறையையே கையாள்கிறது.

மான்சனும் எங்கப்ரெட்சனும் 1983இல் செயற்கை உயிரொலிகளைக் கொண்டு இரு முறைகளையும் ஒப்பிட்டார்கள். உண்மையான எண் என்ன என்பது தெரிந்த ஒலிகள் அவை. அடிப்படை அதிர்வெண் 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை இருக்கும்போது, முதல் இரண்டு ஃபார்மண்ட்களில் இரு முறைகளுமே ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸ் பிழைக்குள் நின்றன. 350ஐத் தாண்டியதும் இரண்டுமே பெரிதும் தடுமாறின. கணினி வந்ததால் கண்ணின் குறை நீங்கிவிடவில்லை.

பின்னர் வல்லபாவும் டல்லரும் 2002இலும், கிறிஸ்டீன் ஷேடில் குழுவினர் 2016இலும் இன்னும் முக்கியமான ஒன்றைக் காட்டினார்கள். இந்தப் பிழை இருபுறமும் சமமாகச் சிதறுவதில்லை. கணினி தரும் எண் அருகிலுள்ள வலுவான சீரிசையை நோக்கி இழுபடுகிறது. உண்மையான முதல் ஃபார்மண்ட் 400 என்று வைத்துக்கொள்வோம். பேசுபவரின் குரல் 200 ஹெர்ட்ஸில் இருந்தால் இரண்டாம் சீரிசை சரியாக 400இல் விழும். அளவு சரியாக வர வாய்ப்புண்டு. அவரே கேள்வி கேட்கும் தொனியில் குரலை 250க்கு உயர்த்தினால் சீரிசைகள் 250இலும் 500இலும் நிற்கும். எண் 500ஐ நோக்கி மேலே நகரும். வாய் சற்றும் மாறாதபோதும் கேள்வி வாக்கியத்தில் உயிர் திறந்து ஒலித்ததாக அட்டவணை சொல்லும். நூறு பதிவுகளின் சராசரி எடுத்தாலும் இத்தகைய பிழை கரையாது. அழுத்தம், வினாத்தொனி, பால்வேறுபாடு போன்றவை எல்லாம் குரல் உயரத்தோடு சேர்ந்தே மாறுபவை. ஆகவே அவற்றை உயிரின் திறப்போடு தொடர்புபடுத்தும் முடிவுகளைப் படிக்கும்போது இந்த ஐயத்தை மனத்தில் வைத்துக்கொள்வது தேவை என்றே தோன்றுகிறது.

## எந்தக் கணத்தில்?

நேரத்தைப் பற்றிய விவாதத்தில் நான்கு நிலைப்பாடுகளைக் காணலாம். நிலையான பகுதியில் அளப்பது என்ற முதல் நிலைப்பாட்டை மேலே பார்த்தோம். அந்தப் பகுதி எங்கே என்பது ஆளுக்கு ஆள் மாறியதால், உயிர் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்வது என்ற இரண்டாவது நிலைப்பாடு பரவியது. இதை யாரும் அப்படியே திரும்பச் செய்து பார்க்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் நடுப்புள்ளி எல்லைகளைப் பொறுத்தது. எல்லையோ சில ஒலிகளில் வெறும் கருத்துதான்.

‘பழம்’ என்ற சொல்லின் முதல் உயிரைப் பாருங்கள். ப-வின் உதடு திறக்கும் வெடிப்பு படத்தில் துல்லியமாகத் தெரியும். தொடக்கத்தில் சிக்கல் இல்லை. ஆனால் ழகரம் காற்றை அடைப்பதில்லை. உயிரின் பட்டைகள் உடையாமல் அதற்குள் வழுக்கிச் செல்கின்றன. ழகரத்தின் அடையாளமே மூன்றாம் ஃபார்மண்ட் மிகத் தாழ்ந்து இரண்டாவதை நெருங்குவதுதான். தமிழ் இடையின ஒலிகளை ஆராய்ந்த நாராயணன், பேர்ட், கான் ஆகியோரின் 1999ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இந்தத் தாழ்வு முக்கிய இடம் பெறுகிறது. அது 60 மில்லிநொடியில் 2500இலிருந்து 1800க்கு இறங்குவதாக எடுத்துக்கொண்டால், மில்லிநொடிக்கு ஏறத்தாழ 12 ஹெர்ட்ஸ் இறக்கம். ஒருவர் உயிர் 80ஆம் மில்லிநொடியில் முடிவதாகக் குறிக்கிறார். இன்னொருவர் 110இல் குறிக்கிறார். இருவர் மீதும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்களுடைய நடுப்புள்ளிகள் 15 மில்லிநொடி தள்ளி நிற்கின்றன; மூன்றாம் ஃபார்மண்ட்டில் அது சுமார் 175 ஹெர்ட்ஸ் வேறுபாடாகிறது. இருவரும் ‘நடுப்புள்ளியில் அளந்தோம்’ என்றுதான் எழுதுவார்கள்.

இங்கே பகுப்புச் சாளரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிராட்டில் சாளர நீளம் வழக்கமாக 25 மில்லிநொடி என்று இருக்கும். அது பயன்படுத்தும் மணிவடிவச் சாளரத்தின் உண்மையான அகலம் அதைப்போல் இருமடங்கு. ஓரங்களுக்கு எடை குறைவு, அவ்வளவுதான். 60ஆம் மில்லிநொடியில் சொடுக்கினால் 35 முதல் 85 வரை உள்ள ஒலி கணக்கில் சேர்கிறது. குறில் உயிரில் ஓரத்துக்கு அருகே அளந்தவர், தான் அறியாமலே பக்கத்து மெய்யையும் சேர்த்து அளந்திருப்பார்.

மூன்றாவது நிலைப்பாடு வில்லியம் லேபோவ் வழிவந்த சமூகமொழியியலாளர்களுடையது. கணத்தைக் கடிகாரத்தால் தேடாமல் ஃபார்மண்ட்டின் நடத்தையால் தேடுகிறார்கள். பெரும்பாலான உயிர்களில் முதலாவது உச்சத்தை எட்டும் கணம், அதாவது வாய் மிக அகலத் திறந்த கணம், எடுத்துக்கொள்ளப்படும். நாக்கு முன்னோக்கியோ பின்னோக்கியோ சென்று திரும்பும் உயிர்களில் இரண்டாவது திரும்பும் கணம். 2006இல் வெளிவந்த வட அமெரிக்க ஆங்கில ஒலி அட்லஸுக்காக இவ்வழியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் அளக்கப்பட்டன. உச்சரிப்போடு நேரடித் தொடர்புள்ள கணத்தைப் பிடிப்பது இதன் சிறப்பு. ஆனால் தடத்தில் ஒரு பொய்யான துள்ளல் இருந்தாலும் அதுவே உச்சமாகிவிடும். கணத்தைத் தேர்வதற்கே தடம் சரியாக இருக்க வேண்டும் என்பதால், ஒரு பிழை இன்னொரு பிழையைத் தேடிப்பிடிக்கும் வாய்ப்பு இதில் கூடுதல்.

நான்காவது நிலைப்பாடு ஒற்றைக் கணத்தையே கைவிடுகிறது. ஸ்ட்ரேஞ்ச், ஜென்கின்ஸ், ஜான்சன் ஆகியோர் 1983இல் அசைகளின் நடுப்பகுதியை மௌனமாக்கி, தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கேட்கவிட்டார்கள். அளப்பவர் தேடும் அந்த நிலையான பகுதியே இல்லாதபோதும் கேட்பவர்கள் உயிரை நன்றாகவே அடையாளம் கண்டார்கள். நீரியும் ஆஸ்மனும் 1986இல், ஓர் உயிரின் முற்பகுதித் துண்டையும் பிற்பகுதித் துண்டையும் வரிசை மாற்றிக் கேட்கவிட்டால் அடையாளம் காண்பது குறைகிறது என்று காட்டினார்கள். 1995இல் ஜேம்ஸ் ஹில்லன்பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் பீட்டர்சன்–பார்னி ஆய்வை 139 பேரிடம் புதிதாக நடத்தியபோது, ஒரே கணத்து அளவில் உயிர்கள் ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் கவிந்தன. இரண்டு கணங்களின் அளவைச் சேர்த்ததும் பிரிந்து நின்றன. உயிர் என்பது ஒரு புள்ளி என்பதைவிட ஒரு பாதை என்றே கொள்ள வேண்டும் என்ற பார்வை இப்படி வலுப்பெற்றது.

இந்தச் சான்றுகள் பெரும்பாலும் வட அமெரிக்க ஆங்கிலத்திலிருந்து வந்தவை. அங்கே ஒற்றை உயிர் எனப்படுபவையே உள்ளுக்குள் நகர்கின்றன. தமிழ் நெடில்களைப் போல ஒப்பளவில் நிலையான உயிர்களுக்கு அதே அளவு ஆதாயம் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. பாதை முழுவதையும் அளப்பவருக்குச் செலவும் கூடுகிறது. ஒரு புள்ளியைக் கண்ணால் சரிபார்த்தவர் இப்போது பத்துப் புள்ளிகளைச் சரிபார்க்க வேண்டும்; நடைமுறையில் யாரும் பத்தையும் பார்ப்பதில்லை.

## தடம் தவறும்போது

வேண்டிய எண்ணிக்கையில் ஒத்ததிர்வுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் கணினி கண்டுபிடித்தே தீரும். அவை உண்மையில் இருக்கின்றனவா என்பதை அது பார்ப்பதில்லை. தடம் பிடிப்பதில் வரும் பிழைகளின் வேர் இதுதான்.

பிராட்டில் இரண்டு அமைப்புகள் இதைத் தீர்மானிக்கின்றன: எத்தனை ஃபார்மண்ட், எந்த உச்சவரம்புக்குள். ஒரு கட்டளை இப்படி இருக்கும்:

```
To Formant (burg): 0, 5, 5000, 0.025, 50
```

5000 ஹெர்ட்ஸுக்குள் ஐந்து என்பது இதன் பொருள். இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. ஆண்களின் குரல்குழாய் சுமார் 17.5 சென்டிமீட்டர். ஒரு முனை மூடிய அந்த நீளக் குழாய், ஒலியின் வேகப்படி 500, 1500, 2500 என்று ஆயிரம் ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒத்ததிரும். 5000க்குள் ஐந்து அடங்கும். பெண்களின் குழாய் குட்டையானது, இடைவெளி அதிகம். எனவே அவர்களுக்கு 5500 பரிந்துரைக்கப்படுகிறது. சிறு குழந்தைக்கு 8000 வரைகூடப் போகலாம். இவை சராசரிகள். முன்னால் இருக்கும் மனிதரின் குழாய் நீளம் யாருக்கும் தெரியாது.

ஓர் ஆண் ‘ஊ’ என்று சொன்ன பதிவை, பெண்களுக்குரிய 5500 வரம்போடு அளந்தால் என்ன ஆகும்? அந்த எல்லைக்குள் அவருக்கு ஆறாவது ஒத்ததிர்வும் நுழைய முற்படுகிறது. கணினியிடம் இருப்பதோ ஐந்து இடங்கள். மிக அருகருகே உள்ள இரண்டை ஒன்றாக்கி அது ஈடுகட்டுகிறது. ‘ஊ’வில் அருகருகே இருப்பவை முதலாவதும் இரண்டாவதும்தான். 300இலும் 600இலும் இரண்டு வரவேண்டிய இடத்தில் 500க்கு அருகே ஒன்றே வரும் என்று பிராட்டின் கையேடே எச்சரிக்கிறது. அப்போது உண்மையான மூன்றாவது, ‘இரண்டாவது’ என்ற பெயரோடு அட்டவணையில் ஏறுகிறது.

பீட்டர்சன்–பார்னி எண்களை இப்போது எடுத்துக்கொள்ளலாம். ‘ஊ’வின் மூன்றாவது 2240, ‘ஈ’யின் இரண்டாவது 2290. தடம் தவறிய ஒரு ‘ஊ’ வரைபடத்தில் ‘ஈ’க்குப் பக்கத்தில் போய் நிற்கும். பத்து ‘ஊ’க்களில் ஒன்றுக்கு இப்படி நேர்ந்தாலும், ஒன்பது 870களும் ஒரு 2240உம் சேர்ந்து சராசரியை 1007 ஆக்கிவிடும். ‘ஊ’ வாயின் முன்பக்கம் நகர்வது ஆங்கிலத்தின் பல வட்டாரங்களில் உண்மையாகவே நடக்கும் மாற்றம். ஆகவே அந்த 137 ஹெர்ட்ஸ் உயர்வைப் பார்ப்பவருக்கு அது பிழையாகத் தோன்றாமல் கண்டுபிடிப்பாகத் தோன்றும் ஆபத்து இருக்கிறது. சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை எடுத்திருந்தால் 870 அசைந்திருக்காது. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிந்தால் பதிவுகளைத் திறந்து பார்க்க வேண்டும் என்று பொருள்.

எதிர்த்திசையிலும் பிழை உண்டு. பெண்குரலில் ‘ஈ’யின் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பெரிய வெற்றிடம் இருக்கும். வரம்பைத் தேவையைவிடத் தாழ்த்தினால் கணினியிடம் ஓர் இடம் மிஞ்சிவிடும். அதை அது அந்த வெற்றிடத்தில் வைத்து, ஆயிரத்துச் சொச்சத்தில் இல்லாத ஒரு ஃபார்மண்ட்டை ‘இரண்டாவது’ என்று தரும்.

இவற்றைக் கண்டுபிடிக்கும் வழிகள் சிக்கலானவை அல்ல. முதலில், கணினி வைத்த புள்ளிகளை ஸ்பெக்ட்ரோகிராமின் மேல் விரித்துப் பார்க்க வேண்டும். புள்ளிகளுக்குக் கீழே கரும்பட்டை இல்லையென்றாலோ, கரும்பட்டையின் மேல் புள்ளி இல்லையென்றாலோ அந்த எண்ணை ஏற்கக் கூடாது. பிறகு பட்டை அகலம். உண்மையான தாழ் ஃபார்மண்ட் பொதுவாகக் குறுகலானது. இடம் நிரப்ப வந்த பொய்யானது பல நூறு ஹெர்ட்ஸ் அகலமாகப் பரந்து கிடக்கும். மூன்றாவதாக, வரம்பை 200 ஹெர்ட்ஸ் மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கலாம். நம்பத்தக்க எண் சில பத்து ஹெர்ட்ஸ் மட்டுமே அசையும். பொய்யான எண் ஒரேயடியாகத் தாவும்.

‘பழம்’ இங்கேயும் ஒரு பாடமாகிறது. ழகரத்தை நெருங்கும்போது தாழ்ந்துவரும் மூன்றாவதும் ஏறிவரும் இரண்டாவதும் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு வருகின்றன. கணினி இரண்டையும் ஒன்றாக்கினால் நான்காவது, ‘மூன்றாவது’ ஆகிவிடும். மூன்றாவது தாழ வேண்டிய அதே கணத்தில் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் எகிறியதாகத் தடம் காட்டும். சொல்லின் கடைசி அசையோ வேறு வகையில் கடினம். பேச்சுத் தமிழில் அந்த மகரம் தனி ஒலியாக நில்லாமல் உயிரை மூக்கொலியாக்கிவிடுகிறது. மூக்குவழி திறந்ததும் புதிய ஒத்ததிர்வுகள் சேர்கின்றன, சில இடங்களில் ஆற்றல் உறிஞ்சப்படுகிறது. நேரியல் முன்கணிப்பின் வழக்கமான வடிவம் ஒத்ததிர்வுகளை மட்டுமே அறியும்; உறிஞ்சும் பள்ளங்கள் அதன் கணக்கில் இல்லை. அத்தகைய உயிரில் ‘முதல் ஃபார்மண்ட்’ என்று வரும் எண் வாயினுடையதா மூக்கினுடையதா என்று வரம்பை மாற்றிப் பார்த்தாலும் தெளிவாவதில்லை. அவ்விடத்தைக் காலியாக விடுவதே நேர்மையான பதிவு. ஹில்லன்பிராண்ட் குழுவினர் அளக்க முடியாதவற்றுக்குச் சுழியம் இட்டு விட்டுவிட்டார்கள். அந்தச் சுழியங்களையும் தரவோடு வெளியிட்டார்கள்.

## கண், கணினி, எதிர்பார்ப்பு

இவ்வளவு பிழைகளையும் மனிதக் கண் திருத்திவிடும் என்பது கையால் அளப்பதை ஆதரிப்பவர்களின் வாதம். அனுபவமுள்ள ஒருவர் பட்டை எங்கே தொடர்கிறது, எங்கே உடைகிறது என்பதைச் சூழலோடு பார்க்கிறார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் சொல்லையும் அறிவார். திரையில் இருப்பது ‘ஊ’ என்று தெரிந்தவர் 2240ஐ உடனே திருத்துவார். ‘ஊ’வுக்குரிய எல்லைக்குள் விழுந்த தவறான எண்ணை அவர் திருத்தமாட்டார், அது அவர் கண்ணில் படுவதே இல்லை. விந்தையாகத் தெரிபவற்றை மட்டும் சரிபார்த்தால் தரவு எதிர்பார்ப்பை நோக்கி ஒருபக்கமாக நகர்கிறது. தடயவியல் ஒலியியலில் ஒரே பதிவை வெவ்வேறு ஆய்வாளர்கள் அளக்கும்போது வரும் வேறுபாடு தனி ஆய்வுப்பொருளாகவே மாறியிருக்கிறது. டக்வொர்த்தும் மற்றவர்களும் 2011இல் எழுதிய கட்டுரை அந்த வேறுபாட்டைக் குறைப்பதைப் பற்றியது.

தானியங்கி முறைகளின் பக்கம் நின்றவர்கள் வெவ்வேறு வழிகளில் இதைக் கடக்க முயன்றிருக்கிறார்கள். எஸ்குதெரோ, போர்ஸ்மா முதலியோர் 2009இல் போர்ச்சுகீசிய உயிர்களுக்கு, ஒவ்வொருவரின் ஒவ்வொரு உயிருக்கும் எந்த வரம்பில் எண்கள் மிகக் குறைவாகச் சிதறுகின்றனவோ அந்த வரம்பைத் தேர்ந்தார்கள். பென்சில்வேனியாவில் உருவான ஃபேவ் மென்பொருள், வட அமெரிக்க ஆங்கிலத்தில் முன்பே அளந்த உயிர்களின் பரவலோடு ஒப்பிட்டு எந்தத் தடம் அதற்கு நெருக்கமோ அதை ஏற்கிறது. பரேதா 2021இல் விவரித்த ஃபாஸ்ட் டிராக், பல வரம்புகளில் அளந்து மிக வழவழப்பாக ஓடும் தடத்தைத் தேர்கிறது. இறுதியில் மனிதர் படங்களைப் பார்த்து ஏற்கவோ மாற்றவோ செய்யலாம்.

மூன்றும் கையுழைப்பைக் கணிசமாகக் குறைக்கின்றன. ஆனால் கவனித்தால், மூன்றுமே மனிதரின் எதிர்பார்ப்புக்குப் பதில் வேறோர் எதிர்பார்ப்பை வைக்கின்றன. சிதறல் குறைவதாலோ தடம் வழவழப்பாக இருப்பதாலோ எண் சரி என்றாகிவிடாது. ஒன்றாகிப்போன இரண்டு ஃபார்மண்ட்கள் மிக நேர்த்தியான, சிதறாத தடத்தைத் தரக்கூடும். ஃபேவின் முறையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால், அமெரிக்க ஆங்கில உயிர்களின் நிழலில் தமிழ் உயிர்கள் அளக்கப்படும். தமிழுக்கென்று கவனமாக அளந்த அடிப்படைத் தரவு அதற்கு முன் தேவை. அதைக் கையால் அளப்பதைத் தவிர இப்போதைக்கு வேறு வழி தெரியவில்லை.

தானியங்கி முறைகளைச் சோதிக்கும் உரைகல்லிலும் ஒரு வட்டம் ஒளிந்திருக்கிறது. டெங் குழுவினர் 2006இல், டிமிட் என்ற ஆங்கிலப் பேச்சுத் தொகுப்பின் ஒரு பகுதிக்குக் கையால் திருத்திய ஃபார்மண்ட் தடங்களை வெளியிட்டார்கள். அதன்பின் வந்த பல முறைகள் அதையே ‘உண்மை’ என்று கொண்டு மதிப்பிடப்படுகின்றன. அந்தத் தடங்களோ முதலில் ஒரு தானியங்கி முறையால் வரையப்பட்டுப் பின் கையால் திருத்தப்பட்டவை. முதல் வரைவு எங்கே மனிதக் கண்ணைத் தன்பக்கம் சாய்த்தது என்பதைப் பின்னாளில் பிரித்தெடுப்பது எளிதல்ல.

பதிவின் தரத்தையும் மறக்க முடியாது. மரபான தொலைபேசி சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியை வெட்டுகிறது. ஆகவே ‘இ’, ‘உ’ போன்ற உயிர்களின் முதலாவது, இருக்கும் இடத்தைவிட மேலே தெரியும். கியுன்செல் 2001இல் இதை எச்சரித்தார். பர்னும் ஃபௌக்ஸும் 2004இல் கைப்பேசியில் அந்த உயர்வு இன்னும் அதிகம் என்று காட்டினார்கள். இங்கே அளப்பவர் செய்யும் எந்தத் திருத்தமும் உதவாது; தொலைபேசிப் பதிவை நேரடிப் பதிவோடு ஒப்பிடாமல் இருப்பதே வழி.

## தீராதவை

நேரம் பற்றிய விவாதத்தில் ஓரளவு இணக்கம் ஏற்பட்டிருப்பதாகக் கூறலாம். ஆய்வின் கேள்வி உயிர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதாக இருந்தால், வரையறுத்த ஒரு கணம் போதலாம். உயிருக்குள் நடக்கும் நகர்வு கேள்வியின் பகுதியானால் குறைந்தது இரண்டு கணங்கள் வேண்டும். எந்தக் கணமானாலும் எல்லையைக் குறித்த விதியும் சாளர நீளமும் உச்சவரம்பும் கட்டுரையில் எழுதப்பட வேண்டும். எத்தனை எண்கள் கையால் திருத்தப்பட்டன, எத்தனை கைவிடப்பட்டன என்பதைச் சொல்லும் கட்டுரைகள் இன்னும் குறைவாகவே காணப்படுகின்றன. அது சொல்லப்படாதவரை ஒரே உயிருக்கு இரு ஆய்வுகள் தரும் 50 ஹெர்ட்ஸ் வேறுபாடு வட்டார வழக்கினுடையதா அளவீட்டினுடையதா என்று வாசகரால் தீர்மானிக்க முடியாது.

உயர்ந்த குரல்களின் நிலை இதைவிடக் கடினம். இயல்பான குரலில் ‘சரியான விடை’ என்று ஒப்பிட எதுவும் இல்லை. செயற்கை ஒலியில் விடை தெரியும், ஆனால் அது மனிதக் குரலைவிட எளிமையானது. பேசுபவரின் உதட்டருகே அகன்ற அதிர்வெண் பரப்புள்ள ஒலியைச் செலுத்தி வாய்க்குழாயின் ஒத்ததிர்வை நேரடியாக அளக்கும் கருவியை எப்ஸ், ஸ்மித், உல்ஃப் ஆகியோர் 1997இல் ஆஸ்திரேலியாவில் விவரித்தார்கள். சீரிசைகளின் இடைவெளியை அது தாண்டிவிடுகிறது. ஆனால் ஆய்வகத்துக்கு வெளியே இயல்பாகப் பேசுபவரிடம் அதைக் கொண்டுசெல்வது இயலாத காரியம். குழாயின் ஒத்ததிர்வையும் ஒலியில் தெரியும் உச்சியையும் வேறுவேறு பெயரால் அழைக்க வேண்டும் என்று டிட்சே முதலிய பலர் 2015இல் கேட்டுக்கொண்டதும் இந்த இடைவெளியை உணர்ந்துதான்.

350 ஹெர்ட்ஸுக்கு மேல் பேசும் ஒரு குழந்தையின் ‘இ’யில், முதல் சீரிசையே முதல் ஃபார்மண்ட் இருக்கும் இடத்தில் அல்லது அதற்கும் மேலே போய் நிற்கக்கூடும். அங்கே கண்ணுக்கும் கணினிக்கும் கிடைக்கும் எண் பெரும்பாலும் குரலின் உயரம்தான். குழந்தைகள் உயிர்களை எந்த வயதில் பெரியவர்களைப் போல ஒலிக்கத் தொடங்குகிறார்கள் என்ற கேள்விக்கு முதல் ஃபார்மண்ட்டை வைத்துச் சொல்லப்பட்ட விடைகளில் எவ்வளவு வாயைப் பற்றியது, எவ்வளவு குரலைப் பற்றியது என்பது இன்னும் பிரிக்கப்படாமலே இருக்கிறது.